வட்டியைத் தொடாமல் வட்டியைக் குறைத்த வாக்கியம்

2011 ஆகஸ்ட் 9, செவ்வாய்க்கிழமை. அமெரிக்கச் சந்தைகள் கதிகலங்கிக் கிடந்த வாரம் அது. நான்கு நாள் முன்புதான் ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் நிறுவனம் அமெரிக்க அரசின் கடன் தரத்தை ஒரு படி இறக்கியிருந்தது. திங்கட்கிழமை டவ் ஜோன்ஸ் குறியீடு 634 புள்ளிகள் சரிந்தது. மறுநாள் பிற்பகல் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் என்ன சொல்லப்போகிறது என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

ஃபெடரல் ரிசர்வின் கையில் அப்போது பெரிதாக எதுவும் இல்லை. வங்கிகள் ஒன்றுக்கொன்று ஓர் இரவுக்குக் கொடுக்கும் கடனின் வட்டியைத்தான் அது வழக்கமாகக் கூட்டும், குறைக்கும். அந்த வட்டியை 2008 டிசம்பரிலேயே பூஜ்ஜியத்துக்கும் 0.25 சதவிகிதத்துக்கும் இடையே கொண்டுவந்து நிறுத்தியாகிவிட்டது. அதற்குக் கீழே போக வழியில்லை. அன்றைய அறிக்கையிலும் வட்டி மாறவில்லை. புதிதாகப் பத்திரங்கள் வாங்கும் திட்டமும் அறிவிக்கப்படவில்லை. ஒரே ஒரு வாக்கியம் மட்டும் மாறியிருந்தது. இத்தனை நாளும் வட்டி 'நீண்ட காலத்துக்கு' மிகக் குறைவாக இருக்கும் என்று பொதுப்படையாகச் சொல்லிவந்தவர்கள், இம்முறை 'குறைந்தபட்சம் 2013-ன் நடுப்பகுதி வரை' என்று தேதி வைத்துவிட்டார்கள்.

அன்று மாலைக்குள் அமெரிக்க அரசின் 10 ஆண்டுக் கடன் பத்திரத்தின் யீல்டு சுமார் 2.40 சதவிகிதத்திலிருந்து 2.20 சதவிகிதத்துக்கு இறங்கியது. கோடானுகோடி டாலர் கடன்களுக்கு அளவுகோலாக இருக்கும் ஒரு வட்டி, யாரும் வட்டியைத் தொடாமலேயே 0.20 புள்ளி குறைந்தது. மத்திய வங்கிகளின் மொழியில் இதற்கு ஃபார்வர்டு கைடன்ஸ் என்று பெயர். நாளைய வட்டி எப்படி இருக்கும் என்பதை இன்றே சொல்லி, இன்றைய நீண்டகால வட்டியை நகர்த்துவது. அந்த 0.20 எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்த்தால், இந்த உத்தி எங்கே வேலை செய்கிறது, எங்கே கைவிடுகிறது என்பது இரண்டும் தெரிந்துவிடும்.

முதலில் யீல்டு என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். 100 டாலர் முகமதிப்புள்ள பத்திரம் ஒன்று ஆண்டுக்கு 3 டாலர் வட்டி தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சந்தையில் 100 டாலருக்கு வாங்கினால் உங்கள் வருமானம் 3 சதவிகிதம். ஆள் ஆளுக்குப் போட்டி போட்டு அதன் விலையை 105 ஆக்கிவிட்டால், கிடைப்பது அதே 3 டாலர்தான். போட்ட பணம் கூடிவிட்டதால் வருமான விகிதம் குறைந்துவிடும். அப்படி விலையை வைத்துக் கணக்கிடும் வருமான விகிதமே யீல்டு. பத்திரத்தின் விலை ஏறினால் யீல்டு இறங்கும், விலை இறங்கினால் யீல்டு ஏறும். இதை ஒருவர் உத்தரவு போட்டு நிர்ணயிப்பதில்லை. வாங்குபவர்களும் விற்பவர்களும் சேர்ந்து நொடிக்கு நொடி நிர்ணயிக்கிறார்கள்.

அப்படியானால் ஓர் இரவு வட்டியை மட்டும் ஆளும் மத்திய வங்கியின் பேச்சு, பத்து ஆண்டுப் பத்திரத்தை எப்படி எட்டுகிறது? வங்கியில் டெபாசிட் போடப் போகும் யாரும் இதே கணக்கைப் போட்டிருப்பார்கள். கையில் இருக்கும் பணத்தை மூன்று வருடத்துக்கு ஒரேயடியாகப் போடலாம். அல்லது ஒரு வருட டெபாசிட்டாகப் போட்டு, முடிய முடியப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். இந்த வருடம் வட்டி 1 சதவிகிதம், அடுத்த வருடம் 2, அதற்கடுத்த வருடம் 3 ஆகும் என்று நீங்கள் நம்பினால், மூன்று வருட டெபாசிட்டுக்குச் சுமார் 2 சதவிகிதமாவது தந்தால்தான் பணத்தை முடக்குவீர்கள். அதாவது, நீண்டகால வட்டி என்பது வரப்போகும் குறுகியகால வட்டிகளின் சராசரி. நம்பத்தகுந்த ஒருவர் வந்து, 'இந்த வருடமும் அடுத்த வருடமும் 1 சதவிகிதம்தான், மூன்றாம் வருடம்தான் 2 ஆகும்' என்று சொல்லிவிட்டால் சராசரி 1.33 ஆகிவிடும். இன்றைய ஒரு வருட வட்டி அப்படியே இருக்கிறது. மூன்று வருட வட்டி மட்டும் இறங்கிவிட்டது.

சராசரியோடு இன்னொன்றும் சேரும். பத்து வருடம் பணத்தை முடக்குபவர், வழியில் என்ன நடக்குமோ என்ற பயத்துக்கும் சேர்த்துக் கூலி கேட்பார். விலைவாசி ஏறலாம், வட்டி தடாலென்று உயரலாம், நடுவில் விற்க நேர்ந்தால் நஷ்டம் வரலாம். இந்தக் கூடுதல் கூலியை டெர்ம் பிரீமியம் என்பார்கள். காத்திருப்புக் கூலி என்று நாம் வைத்துக்கொள்ளலாம். அதைத் தராசில் நிறுத்துப் பார்க்க முடியாது. யீல்டிலிருந்து எதிர்பார்க்கப்படும் வட்டிச் சராசரியைக் கழித்தால் மிஞ்சுவது அதுதான். அந்தச் சராசரியோ மக்களின் மனதில் இருப்பது. ஆகவே இந்தக் கழித்தலில் எப்போதும் ஓர் ஊகம் கலந்திருக்கும்.

இப்போது ஆகஸ்ட் 9-க்குத் திரும்புவோம். அன்று 2 ஆண்டுப் பத்திரத்தின் யீல்டு 0.27-லிருந்து 0.19-க்கு இறங்கியது. குறைவு 0.08. வாக்குறுதி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளைத் தழுவியது, ஆகவே இந்தக் குறைவு நேரடி விளைவு. ஆனால் எண்ணைப் பாருங்கள், எவ்வளவு சிறியது! அடுத்த இரண்டு ஆண்டுகளில் வட்டி பெரிதாக ஏறாது என்று சந்தை முன்பே நினைத்திருந்தது. அழுத்திக் குறைக்க அங்கே இடமே இல்லை. பத்து ஆண்டுச் சராசரியில் இரண்டு ஆண்டுகளின் பங்கு ஐந்தில் ஒன்று. 0.08-ஐ ஐந்தால் வகுத்தால் 0.016. வாக்குறுதி அது பேசிய காலத்தை மட்டும் பாதித்திருந்தால், 10 ஆண்டு யீல்டு 2.40-லிருந்து 2.38-க்குத்தான் வந்திருக்க வேண்டும். வந்ததோ 2.20.

மிச்சத்தைத் தேட இடையில் இருக்கும் 5 ஆண்டுப் பத்திரம் உதவும். அதுவும் அன்று 0.20 அளவுக்கே குறைந்தது, சுமார் 1.11-லிருந்து 0.91-க்கு. ஐந்து ஆண்டுகளுக்கும் சேர்த்து மொத்தக் குறைவு 1.00. அதில் முதல் இரண்டு ஆண்டுகளின் பங்கு 0.16. மீதி 0.84-ஐ மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஆண்டுகள் பகிர்ந்துகொண்டால் ஆண்டுக்கு 0.28. கூட்டுவட்டி நுணுக்கங்களை விட்டுவிட்டுப் போட்ட தோராயக் கணக்கு இது. ஆனால் கதை தெளிவாகத் தெரிகிறது. வாக்குறுதியின் அடி, அது முடியும் தேதிக்கு அப்பால்தான் பலமாக விழுந்திருக்கிறது. இது நியாயமும்கூட. முதல் உயர்வு 2013-க்குப் பிறகுதான் என்றால், இரண்டாவது, மூன்றாவது உயர்வுகளும் வரிசையில் பின்னே தள்ளிப்போகும். ரயில் தாமதமாகக் கிளம்பினால் எல்லா நிலையங்களுக்கும் தாமதமாகத்தானே போய்ச் சேரும்.

அடுத்த படிதான் எனக்குப் பெரிய வியப்பு. பத்து ஆண்டுகளின் மொத்தக் குறைவு 2.00. முதல் ஐந்து ஆண்டுகள் 1.00-ஐ எடுத்துக்கொண்டன. மீதி 1.00 ஆறாம் ஆண்டு முதல் பத்தாம் ஆண்டு வரை விழுகிறது, ஆண்டுக்கு 0.20. அதாவது 2016-க்கும் 2021-க்கும் இடைப்பட்ட வட்டி பற்றியும் சந்தை அன்று தன் கணக்கை மாற்றிக்கொண்டது. 2013-ன் நடுப்பகுதியைப் பற்றிச் சொன்ன ஒரு வாக்கியத்துக்கும் 2019-ன் வட்டிக்கும் என்ன உறவு?

இரண்டு விடைகள் உண்டு. இரண்டும் ஓரளவு உண்மை. ஒன்று, காத்திருப்புக் கூலி குறைந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு வட்டி நகராது என்று தெரிந்துவிட்டால் நீண்டகாலப் பத்திரத்தை வைத்திருப்பதன் பயம் குறைகிறது. குறுகியகாலப் பத்திரத்தில் ஏறக்குறைய ஒன்றுமே கிடைக்காது என்று உறுதியாகிவிட்டதால், ஏதாவது வருமானம் வேண்டும் என்பவர்கள் நீண்டகாலப் பத்திரத்துக்கு நகர்கிறார்கள். அவர்கள் வாங்க வாங்க விலை ஏறி யீல்டு இறங்குகிறது.

இரண்டாவது விடை சங்கடமானது. ஃபெடரல் ரிசர்வ் பொருளாதாரத்தைப் பற்றிச் சொன்ன துயரச் செய்தியாகவும் அதே வாக்கியத்தைப் படிக்கலாம். அறிக்கையின் முழு வாசகத்தில் 'நாங்கள் வட்டியைக் குறைவாக வைத்திருப்போம்' என்று உறுதியளிக்கவில்லை. பொருளாதார நிலைமை குறைந்த வட்டியை வேண்டிநிற்கக்கூடும் என்றுதான் எழுதியிருந்தார்கள். வளர்ச்சி தாங்கள் எதிர்பார்த்ததைவிடக் கணிசமாக மெதுவாக இருக்கிறது என்றும், நிலைமை மோசமாகும் அபாயம் கூடியிருக்கிறது என்றும் அதே அறிக்கையில் இருந்தது. இதைப் படிக்கும் ஒரு தொழிலதிபர், 'வட்டி குறைவாக இருக்கும், கடன் வாங்கித் தொழிலை விரிவாக்கலாம்' என்று நினைக்கலாம். 'இன்னும் இரண்டு வருடத்துக்கு வியாபாரம் படுத்துக்கிடக்கும் என்று மத்திய வங்கியே சொல்கிறது' என்று நினைத்து ஆள் எடுப்பதை நிறுத்தவும் செய்யலாம். இரண்டிலும் பத்திர யீல்டு குறையும். முதலாவதில் அந்தக் குறைவு மருந்து. இரண்டாவதில் நோயின் அறிகுறி.

சிகாகோ ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஜெஃப்ரி கேம்ப்பெலும் அவருடைய சகாக்களும் 2012-ல் இந்த இரண்டுக்கும் கிரேக்கக் கதைகளிலிருந்து பெயர் வைத்தார்கள். குறி சொல்லும் டெல்ஃபி கோயிலின் பெயரை ஒன்றுக்கும், கடற்கன்னிகளின் பாட்டுக்கு மயங்கிவிடாமலிருக்கத் தன்னைப் பாய்மரத்தோடு கட்டிவைக்கச் சொன்ன ஒடிசியஸின் பெயரை மற்றதற்கும். தமிழில் இதை இன்னும் சுருக்கமாகச் சொல்லலாம். ஒன்று ஜோசியம், மற்றது சத்தியம். ஜோசியம் சொல்பவர் நடக்கப்போவதைச் சொல்கிறார். சத்தியம் செய்பவர், என்ன நடந்தாலும் தான் செய்யப்போவதைச் சொல்கிறார். பொருளாதாரத்துக்கு ஊக்கம் தருவது சத்தியம் மட்டுமே.

ஆனால் மத்திய வங்கிக்குச் சத்தியம் செய்வது ஏன் இவ்வளவு கடினம்? சத்தியத்தின் வலு, பின்னாளில் அதைக் காப்பாற்றும்போது வலிக்குமா என்பதில் இருக்கிறது. பொருளாதாரம் படுத்துக்கிடக்கும்போது வட்டியைக் குறைவாக வைத்திருப்பதற்குச் சத்தியமே தேவையில்லை, எந்த வங்கியும் அதைத்தான் செய்யும். பொருளாதாரம் எழுந்து நின்று, விலைவாசி லேசாகச் சூடுபிடித்து, வழக்கமாக வட்டியை உயர்த்த வேண்டிய நேரம் வந்த பிறகும் உயர்த்தாமல் இருப்போம் என்று சொல்வதுதான் சத்தியம். அந்த நேரம் வரும்போது வாக்கை மீறுவதே வசதியாக இருக்கும். பணவீக்கத்தைத் தடுப்பதே தன் கடமை என்று பழகிய ஓர் அமைப்பு அதை மீறாது என்று சந்தை எதை வைத்து நம்பும்? வாக்களித்தவர்களே மாறிப்போகலாம். ஆகஸ்ட் 9 கூட்டத்திலேயே மூன்று பேர், டாலஸின் ரிச்சர்ட் ஃபிஷர், மினியாபொலிஸின் நாராயண கோச்சர்லகோட்டா, ஃபிலடெல்ஃபியாவின் சார்லஸ் பிளாசர், தேதி வைப்பதை எதிர்த்து வாக்களித்தார்கள்.

அடுத்த பதினாறு மாதங்களில் ஃபெடரல் ரிசர்வ் தன் ஜோசியத்தைப் படிப்படியாகச் சத்தியமாக மாற்ற முயன்றதைப் பார்க்கலாம். 2012 ஜனவரியில் தேதி 2014-ன் இறுதிக்குத் தள்ளிப்போனது. இதிலும் பழைய சிக்கலே. தேதி தள்ளிப்போனது வாக்கு உறுதியானதாலா, நிலைமை மோசமானதாலா என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. செப்டம்பர் 13-ல் தேதியை 2015-ன் நடுப்பகுதிக்கு நகர்த்தியபோது ஒரு முக்கியமான சொற்றொடரைச் சேர்த்தார்கள். பொருளாதார மீட்சி வலுப்பெற்ற பிறகும் கணிசமான காலத்துக்குத் தளர்வான கொள்கை தொடரும் என்றார்கள். 'பிறகும்' என்ற அந்த ஒரு சொல்லில் சத்தியம் இருக்கிறது. நிலைமை மோசமாக இருப்பதால் அல்ல, நன்றாக ஆன பின்பும் என்கிறது அது.

வீட்டுக்கடன் பத்திரங்களை மாதம் 4,000 கோடி டாலருக்கு வாங்கும் திட்டமும் அன்றே அறிவிக்கப்பட்டது. அடுத்த நாள் 10 ஆண்டு யீல்டு குறையவில்லை. சுமார் 1.75-லிருந்து 1.88-க்கு ஏறியது! திட்டம் தோற்றுவிட்டது என்று அவசரப்பட்டு முடிவுகட்டிவிடலாம். ஆனால் விலைவாசியோடு இணைக்கப்பட்ட பத்திரங்களையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு வேறு படம் தெரிந்தது. வருங்காலப் பணவீக்கம் பற்றிய சந்தையின் எதிர்பார்ப்பு அந்த நாட்களில் கூடியிருந்தது. பொருளாதாரம் எழும், விலைகள் சற்று ஏறும், அப்போதும் ஃபெடரல் ரிசர்வ் பொறுத்திருக்கும் என்று நம்புபவர்கள் நீண்டகாலப் பத்திரத்துக்குக் கூடுதல் யீல்டு கேட்பது இயல்பே. ஆகவே யீல்டு இறங்கியதா என்ற ஒரே கேள்வியை வைத்து ஒரு வாக்குறுதியை மதிப்பிட முடியாது. பணவீக்க எதிர்பார்ப்பு எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்து விழுந்தால் சந்தை ஜோசியம் கேட்டிருக்கிறது. பணவீக்க எதிர்பார்ப்பு ஏறியும், அதைக் கழித்த பின் மிஞ்சும் யீல்டு இறங்கியும் இருந்தால் அதன் காதில் சத்தியம் விழுந்திருக்கிறது.

2012 டிசம்பரில் தேதியையே கைவிட்டார்கள். வேலையின்மை 6.5 சதவிகிதத்துக்கு மேல் இருக்கும்வரை, ஓரிரு ஆண்டுகளுக்குப் பிந்தைய பணவீக்கக் கணிப்பு 2.5 சதவிகிதத்தைத் தாண்டாதவரை, வட்டி ஏறாது என்று நிபந்தனை வைத்தார்கள். சிகாகோவின் சார்லஸ் எவன்ஸ் வற்புறுத்திவந்த யோசனை இது. இதன் நயம் என்னவென்றால், நிலைமை மோசமானால் சந்தையே உயர்வைத் தள்ளிவைத்துக்கொள்ளும், முன்னேறினால் முன்னே கொண்டுவரும். ஃபெடரல் ரிசர்வ் வாய் திறக்க வேண்டியதில்லை.

ஆறே மாதத்தில் அடுத்த சோதனை வந்தது. 2013 மே 22 அன்று ஃபெடரல் ரிசர்வ் தலைவர் பென் பெர்னான்கி நாடாளுமன்றக் குழுவின் முன் பேசும்போது, பத்திரங்கள் வாங்குவதன் வேகத்தை அடுத்த சில கூட்டங்களில் குறைக்கக்கூடும் என்றார். வட்டியைப் பற்றிய நிபந்தனையில் அவர் கை வைக்கவில்லை. வாங்குவதைக் குறைப்பது வேறு, வட்டியை உயர்த்துவது வேறு என்று மீண்டும் மீண்டும் விளக்கினார்கள். சந்தை கேட்கவில்லை. ஒன்று முடிந்தால் அடுத்தது தொடங்கும் என்று அதுவாகவே கணக்குப் போட்டு, முதல் வட்டி உயர்வின் தேதியை முன்னே இழுத்துக்கொண்டது. காத்திருப்புக் கூலியும் எகிறியது. மே மாதத்தில் 2 சதவிகிதத்தை ஒட்டி இருந்த 10 ஆண்டு யீல்டு செப்டம்பர் தொடக்கத்தில் 3 சதவிகிதத்தைத் தொட்டது. ஓர் இரவு வட்டி இந்த மாதங்கள் முழுவதும் பூஜ்ஜியத்தை ஒட்டியே இருந்தது.

அமெரிக்காவில் 30 ஆண்டு வீட்டுக்கடன் வட்டி பெரும்பாலும் கடன் முடியும்வரை மாறாது. ஆகவே அது ஓர் இரவு வட்டியைவிட 10 ஆண்டுப் பத்திரத்தைத்தான் பின்தொடரும். மே மாதத் தொடக்கத்தில் சராசரியாக 3.35 சதவிகிதமாக இருந்த அந்த வட்டி ஆகஸ்ட் பிற்பகுதியில் 4.58 ஆனது. இரண்டு லட்சம் டாலர் கடனுக்கு மாதத் தவணை 881 டாலரிலிருந்து 1,023 டாலராகிறது. அந்த 142 டாலரை முப்பது வருடம் மாதாமாதம் கட்ட வேண்டும்.

அலை நம் கரைக்கும் வந்தது. அமெரிக்கப் பத்திரத்திலேயே நல்ல வருமானம் கிடைக்கும் என்றான பிறகு இந்தியா போன்ற நாடுகளில் இருந்த வெளிநாட்டுப் பணம் வெளியேறியது. மே மாதத்தில் டாலருக்கு 55 ரூபாய் என்ற அளவில் இருந்த மதிப்பு ஆகஸ்ட் 28 அன்று 68-ஐத் தாண்டிச் சரிந்தது. ரூபாயைத் தாங்கிப் பிடிக்க ரிசர்வ் வங்கி ஜூலை 15 அன்று வங்கிகளுக்கான அவசரக் கடன் வட்டியை 10.25 சதவிகிதமாக்கியது. நம் அரசின் 10 ஆண்டுப் பத்திர யீல்டு ஆகஸ்டில் 9 சதவிகிதத்துக்கு மேல் போனது. வாஷிங்டனில் ஒருவர் வட்டியைப் பற்றிப் பேசாமலேயே, வட்டியைப் பற்றிப் பேசியதாகச் சந்தை கேட்டுக்கொண்டதன் விளைவு இது.

நிபந்தனை வைப்பதற்கும் ஒரு எல்லை இருந்தது. வேலையின்மை எதிர்பார்த்ததைவிட வேகமாகக் குறைந்தது. வேலை தேடுவதையே பலர் கைவிட்டதால் அந்த எண் இறங்கியதும் ஒரு காரணம். அது 6.5-ஐ நெருங்கியபோது பொருளாதாரம் வட்டி உயர்வுக்குத் தயாராக இல்லை என்று ஃபெடரல் ரிசர்வ் கருதியது. 2014 மார்ச் 19 அன்று அந்த எண்ணைக் கைவிட்டு, பத்திரம் வாங்குவது முடிந்த பிறகும் 'கணிசமான காலத்துக்கு' வட்டி ஏறாது என்ற சொல்லுக்குத் திரும்பினார்கள். புதிய தலைவர் ஜேனட் யெல்லனின் முதல் செய்தியாளர் சந்திப்பு அது. கணிசமான காலம் என்றால் எவ்வளவு என்று ஒருவர் கேட்டார். வரையறுப்பது கடினம் என்று தொடங்கிய யெல்லன், ஆறு மாதம் என்ற அளவில் இருக்கலாம் என்று சொல்லிவிட்டார். அந்த நேரத்திலேயே பத்திர விலைகள் விழுந்து யீல்டுகள் எகிறின. ஒரு காலம் வேண்டுமென்றே மங்கலாக விடப்பட்டிருந்தது. சந்தைக்கு அதில் ஓர் எண் கிடைத்துவிட்டது, எண்ணைத் திரும்ப வாங்க முடியவில்லை.

உண்மையில் வட்டி ஏறியது அதற்கு 21 மாதங்கள் கழித்து, 2015 டிசம்பர் 16 அன்று. ஒன்பது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு ஃபெடரல் ரிசர்வ் முதன்முறையாக வட்டியை 0.25 புள்ளி உயர்த்தியது. மாதக்கணக்கில் சொல்லிச் சொல்லித் தயார் செய்திருந்தார்கள். அன்று 10 ஆண்டு யீல்டு 2.28-லிருந்து 2.30-க்கு நகர்ந்தது, மறுநாள் இறங்கியும் விட்டது.